நாலு பேருக்கு ஒரே அடிக்குறிப்பு

அன்பு மகள் ஸுஹராவுக்கு,

உன் கட்டுரையை உன் வாப்பா அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். போனில் இவ்வளவு நீளத்தை வாசிக்க என் கண் ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும். வாப்பும்மா நலம். முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் மாடிப்படி ஏறுவதை விடமாட்டேன் என்கிறார். நீ போன் செய்யும்போது நீயாவது சொல். நான் சொன்னால் என் வயதைக் கேட்டு என் வாயை அடைத்துவிடுகிறார்.

கட்டுரைக்கு வருகிறேன். நடை நன்றாக இருக்கிறது, முன்னுரை கொஞ்சம் நீளம், அதெல்லாம் போகட்டும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இரண்டாம் பக்கம். அறுக்கப்பட இருந்த மகன் இஸ்மாயீல் (அலை) என்று ‘தஃப்ஸீர்கள் கூறுகின்றன’ என எழுதிவிட்டு, கீழே ஒரே அடிக்குறிப்பில் நாலு பெயரை வரிசையாக வைத்திருக்கிறாய்: தஃப்ஸீர் இப்னு அப்பாஸ், தபரீ, ஜலாலைன், இப்னு கஸீர். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், ஒன்றும் இல்லை. சரி, அது அவசரம் என்று விடலாம். ஆனால் அந்த நாலில் ஒருவர்தான் நீ சொல்வதைச் சொல்கிறார், மகளே. ஒருவர் நேர் எதிராகச் சொல்கிறார். ஒருவர் முடிவே சொல்லவில்லை. மீதி ஒன்று யாருடைய நூல் என்பதே வழக்கு. எங்கிருந்து எடுத்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. நாலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம், வா.

முதலில் தபரீ. ஹிஜ்ரி 310இல், கி.பி. 923இல் பக்தாதில் காலமானவர். அவருடைய ஜாமிஉல் பயானில் இந்தப் பேச்சு 37ஆம் அத்தியாயமான அஸ்ஸாஃப்பாத்தின் 107ஆம் வசனத்துக்குக் கீழே வருகிறது. அவர் வேலை செய்யும் முறையை ஒருமுறை புரிந்துகொண்டால் பிறகு குழப்பமே வராது. ஒரு கருத்தைச் சொல்வார், அந்தக் கருத்தைச் சொன்னவர்களின் அறிவிப்புகளைத் தொடரோடு அடுக்குவார். அடுத்து எதிர்க் கருத்து, அதற்கும் அதேபோல அறிவிப்புகள். இங்கே இஸ்ஹாக் (அலை) என்பவர்கள் ஒரு வரிசை, இஸ்மாயீல் என்பவர்கள் ஒரு வரிசை. இரண்டும் முடிந்த பிறகுதான் அவருடைய சொந்தக் குரல் வரும். ‘இரண்டில் சரிக்கு நெருக்கமானது’ என்ற பொருளில், ‘அவ்லா’ என்று தொடங்கும் வாக்கியத்தைத் தேடு. அங்கே அவர் தேர்ந்தெடுப்பது இஸ்ஹாக்கை.

ஆமாம், இஸ்ஹாக்கைத்தான். காரணமும் சொல்கிறார்: குர்ஆனில் இப்ராஹீம் (அலை) அவர்களுக்குப் பெயர் சொல்லி மகப்பேறு நற்செய்தி வரும் இடங்களிலெல்லாம் இஸ்ஹாக் பெயர்தான் வருகிறது, ஆகவே இங்கே பெயரில்லாமல் வருகிற நற்செய்தியும் அவரைப் பற்றியதே என்கிறார். ஆட்டின் கொம்புகள் கஅபாவில் தொங்கின என்பது இஸ்மாயீல் தரப்பின் ஆதாரம். அவை ஷாமிலிருந்து மக்காவுக்குக் கொண்டுவரப்பட்டிருக்க முடியாதா என்று அதற்குப் பதில் சொல்கிறார். ஹஜ்ஜுப் பெருநாள் பயான் கேட்டு வளர்ந்த நமக்கு இது காதில் விழவே சங்கடமாக இருக்கும். உனக்கும் எனக்கும் உள்ள நம்பிக்கை அப்படியே இருக்கட்டும், அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் தபரீ சொல்லாததை தபரீ பெயரில் எழுத உனக்கு உரிமை கிடையாது. (வாப்பும்மாவிடம் மட்டும் இதைச் சொல்லி வைக்காதே. தபரீயையும் என்னையும் சேர்த்து வைத்துத் திட்டுவார்.)

இதிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. தபரீயின் அந்த இரண்டு வரிசையிலும் இப்னு அப்பாஸ் (ரலி) பெயர் இருக்கிறது. இக்ரிமா வழியாக வரும் அறிவிப்பில் அவர் இஸ்ஹாக் என்கிறார். ஷஅபீ, முஜாஹித் போன்றோர் வழியாக வருவதில் இஸ்மாயீல் என்கிறார். அப்படியானால் ‘இப்னு அப்பாஸ் கூறுகிறார்’ என்று ஒற்றை வரியில் எப்படி எழுதுவாய்? ‘தபரீ பதிவு செய்துள்ள, இக்ரிமா வழி வந்த அறிவிப்பின்படி’ என்று எழுதினால்தான் யார் சொன்னது, யார் வழியாக வந்தது, நீ எங்கே பார்த்தாய் என்ற மூன்றும் தெரியும். தபரீ ஒன்றைப் பதிவு செய்வதற்கும் அதை அவரே ஏற்பதற்கும் நடுவில் பெரிய தூரம். உன் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது அங்கேதான்.

அப்புறம் ‘தஃப்ஸீர் இப்னு அப்பாஸ்’. கடையில் அந்தப் பெயரில் விற்கிற, இணையத்தில் மொழிபெயர்ப்போடு கிடைக்கிற நூலின் உண்மைப் பெயர் தன்வீருல் மிக்பாஸ். ஹிஜ்ரி 817இல் காலமான ஃபைரூஸாபாதீ தொகுத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் அதையும் கேள்வி கேட்கிறார்கள். அதன் அறிவிப்புத் தொடர் சிறிய ஸுத்தீ, கல்பீ, அபூ ஸாலிஹ் என்று இப்னு அப்பாஸ் வரை போகிறது. இந்தத் தொடரைப் பொய்யின் சங்கிலி என்று ஸுயூத்தீயே இத்கானில் எழுதியிருக்கிறார். அதனால் அந்த நூலைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொட்டால் ‘இப்னு அப்பாஸின் பெயரில் வழங்கும் தன்வீருல் மிக்பாஸ்’ என்று எழுது. கட்டுரை திருத்துகிறவர் அந்த ‘பெயரில் வழங்கும்’ என்பதைப் பார்த்ததுமே இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியும் என்று உட்கார்ந்து வாசிப்பார்.

ஜலாலைன் உனக்குப் பழக்கமான நூல். நம்மூர் மதரஸாக்களில் ஓதிக்கொடுப்பதுதானே. இரண்டு ஜலாலுத்தீன்கள் எழுதியது என்று பெயரிலேயே இருக்கிறது, ஆனால் யார் எதை எழுதினார் என்று யாரும் பார்ப்பதில்லை. மூத்தவர் மஹல்லீ, ஹிஜ்ரி 864இல், கி.பி. 1459இல் காலமானவர். அவர் 18ஆம் அத்தியாயம் அல்கஹ்ஃபில் தொடங்கி கடைசி வரை முடித்து, திரும்பி வந்து அல்ஃபாத்திஹாவையும் எழுதினார். அத்தோடு அவர் ஆயுள் முடிந்தது. 2ஆம் அத்தியாயத்திலிருந்து 17 வரை எழுதி நிறைவு செய்தவர் மாணவர் ஸுயூத்தீ. உன் வசனம் 37இல் இருக்கிறது. ஆகவே உன் வாக்கியத்தில் வர வேண்டிய பெயர் மஹல்லீ. நீயோ மூன்றாம் பக்கத்தில் ‘ஸுயூத்தீ ஜலாலைனில் கூறுவதுபோல’ என்று எழுதியிருக்கிறாய். அதைவிட முக்கியம், மஹல்லீ அங்கே முடிவு எதுவும் சொல்லவில்லை. இஸ்மாயீல் அல்லது இஸ்ஹாக், இரண்டு கருத்து உண்டு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். அது அந்த வகை நூலின் சுபாவம். வசனத்தோடு சேர்த்து வாசிக்க மாணவனுக்கு எழுதிய சுருக்க உரை அது. அதில் விவாதத்தைத் தேடினால் கிடைக்காது.

மிச்சம் இப்னு கஸீர், ஹிஜ்ரி 774, கி.பி. 1373. நீ சொன்னதைச் சொல்கிறவர் இவர் ஒருவர்தான், அதுவும் உரத்த குரலில். இஸ்ஹாக் என்ற பேச்சு கஅபுல் அஹ்பார் வழியாக வேதக்காரர்களிடமிருந்து வந்தது என்கிறார். அறுக்கும் நிகழ்ச்சி முழுவதும் முடிந்த பிறகு, 112ஆம் வசனத்தில்தானே இஸ்ஹாக் பற்றிய நற்செய்தி வருகிறது என்று வசன வரிசையைக் காட்டுகிறார். தபரீயைப் பெயர் சொல்லியே, அவர் காட்டிய காரணம் வெகு தொலைவானது என்று மறுக்கிறார். பார்த்தாயா, நீ ஒரே அடிக்குறிப்பில் தோளோடு தோள் நிற்க வைத்த இருவரில் ஒருவர் மற்றவரோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்! உன் கட்டுரையின் உயிர் அந்த வாதத்தில்தான் இருக்கிறது. அதை நீ பொட்டலம் கட்டி அடிக்குறிப்பில் போட்டுவிட்டாய்.

இதை இப்படி மாற்றி எழுதலாம்: ‘தபரீ (இ. 310/923) இரு தரப்பு அறிவிப்புகளையும் தொகுத்துவிட்டு, அறுக்கப்பட இருந்தவர் இஸ்ஹாக் என்ற கருத்தைத் தேர்கிறார். நாலரை நூற்றாண்டுக்குப் பின் இப்னு கஸீர் (இ. 774/1373) அவரைப் பெயர் சொல்லி மறுத்து, இஸ்மாயீல் என்று நிறுவுகிறார்.’ இரண்டு வாக்கியம், இரண்டு தனி அடிக்குறிப்பு. இதற்குமேல் உனக்கு முன்னுரையே தேவைப்படாது. குர்துபீயையும் ஒருமுறை எட்டிப் பார். ஹிஜ்ரி 671இல் காலமான அவர், அறிஞர்களில் அதிகம் பேர் இஸ்ஹாக் என்றே சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். ‘தஃப்ஸீர்கள் கூறுகின்றன’ என்ற உன் வாக்கியத்துக்கு அதன் பிறகு நிற்க இடமே இருக்காது.

இனி வகைகளைப் பற்றி. நீ நாலாம் பக்கத்தில் ‘தஃப்ஸீர் பில் மஃஸூர், தஃப்ஸீர் பிர் ரஃய்’ என்று இரண்டாகப் பிரித்து, அறிவிப்பு வழி நூல்களுக்குத் தபரீயையும் கருத்து வழி நூல்களுக்கு ராஸீயையும் உதாரணம் காட்டியிருக்கிறாய். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் மேலே பார்த்தோமே, அறிவிப்புகளை அடுக்கிய தபரீ முடிவுக்கு வரும்போது தன் சொந்தத் தர்க்கத்தால்தானே வந்தார்? வெறும் அறிவிப்புத் தொகுப்பாளர் என்று அவரை எழுதினால் அந்த முடிவை எங்கே வைப்பாய்? வகைப் பெயரை ஒட்டுவதைவிட, இந்த உரைகாரர் வசனத்திடம் என்ன கேள்வி கேட்கிறார் என்று பார். வகை தானாகத் தெரியும்.

அதே வசனத்தை வைத்தே காட்டுகிறேன். தபரீயின் கேள்வி, யார் அந்த மகன், முன்னோர் என்ன சொன்னார்கள் என்பது. ஃபக்ருத்தீன் ராஸீ (ஹிஜ்ரி 606, கி.பி. 1210) அந்தக் கேள்வியையும் விரிவாகப் பேசுகிறார். இரு பக்க ஆதாரங்களையும் வைத்துவிட்டு, இருவரில் யார் என்று அல்லாஹ்வே அறிவான் என்ற ஸஜ்ஜாஜின் சொல்லோடு அதை விட்டுவிடுகிறார். அவருடைய மனம் வேறோர் இடத்தில் இருக்கிறது: அல்லாஹ் ஒன்றைச் செய் என்று கட்டளையிட்டு, அது செய்யப்படும் முன்பே அதை நீக்கலாமா? இதில் முஃதஸிலாக்களோடு அவருக்குத் தீராத சண்டை. இது கலாம் அறிஞரின் கேள்வி. ஹனஃபீ சட்ட அறிஞர் ஜஸ்ஸாஸ் (ஹிஜ்ரி 370, கி.பி. 981) தன் அஹ்காமுல் குர்ஆனில் இதே இடத்துக்கு வரும்போது, ஒருவன் தன் மகனை அறுப்பதாக நேர்ந்துகொண்டால் அவன்மேல் என்ன கடமை என்று கேட்கிறார். அபூ ஹனீஃபாவும் முஹம்மதும் ஓர் ஆடு என்கிறார்கள், அபூ யூஸுஃப் ஒன்றுமில்லை என்கிறார். மகனின் பெயர் அந்தச் சட்டத்துக்குத் தேவையே இல்லை. ஜஸ்ஸாஸை எடுத்துக்கொண்டு இஸ்மாயீலா இஸ்ஹாக்கா என்ற கேள்விக்குச் சான்று காட்டுவது, மீன் வாங்கத் துணிக்கடைக்குப் போவதுபோல.

ஆகவே மேற்கோள் காட்டும்போது வகையும் வாக்கியத்துக்குள் ஏறட்டும். ‘ஹனஃபீ சட்ட உரையான அஹ்காமுல் குர்ஆனில் ஜஸ்ஸாஸ்’ என்று நாலு சொல் கூட எழுது. வாசிக்கிறவருக்கு அந்தச் சான்று எவ்வளவு பாரம் தாங்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் வகை பற்றிய பேச்சை எங்கிருந்து எடுத்தாயோ அதையும் சொல்லியாக வேண்டும். நீ ‘அத்தஹபீ’ என்று மட்டும் போட்டிருக்கிறாய். நீ பார்த்தது அத்தஃப்ஸீர் வல் முஃபஸ்ஸிரூன், அதை எழுதிய முஹம்மத் ஹுஸைன் அத்தஹபீ 20ஆம் நூற்றாண்டு எகிப்தியர். 1977இல் கொல்லப்பட்டார். வெறும் ‘தஹபீ’ என்றால் எல்லோரும் நினைப்பது ஹிஜ்ரி 748இல் காலமான வரலாற்றாசிரியரை. முழுப் பெயரையும் வருடத்தையும் போட்டால் இந்தச் சிக்கலே வராது.

இதைவிடப் பெரிய சிக்கல் இப்னு அரபீ. அஹ்காமுல் குர்ஆன் எழுதிய அபூ பக்ர் இப்னுல் அரபீ, ஹிஜ்ரி 543இல் காலமான ஸெவில்லா நகர மாலிக்கீ காழி. ஸூஃபி ஞானி முஹ்யித்தீன் இப்னு அரபீ 638இல் காலமானவர். ‘தஃப்ஸீர் இப்னு அரபீ’ என்று அட்டையில் போட்டு விற்கும் ஸூஃபி உரையோ இந்த இருவருடையதும் இல்லை, அது அப்துர் ரஸ்ஸாக் காஷானீ எழுதியது. உன் கட்டுரையில் இவர் வரவில்லை, நல்ல வேளை. அடுத்த பருவத்தில் வருவார்.

இப்போது அடிக்குறிப்பை எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். தபரீக்கு உன் வேலை இப்படி இருக்க வேண்டும்: ஆசிரியர் பெயர், நூல் பெயர், பதிப்பாசிரியர், ஊர், பதிப்பகம், ஆண்டு, தொகுதி, பக்கம், கடைசியில் ‘37:107 குறித்து’. அந்தக் கடைசிச் சொல்லைத்தான் எல்லோரும் விடுகிறார்கள், அதுதான் எனக்கு மிகப் பிரியமானது. தபரீக்கு எத்தனை பதிப்பு! பழைய பூலாக் அச்சு 30 பாகம், அப்துல்லாஹ் அத்துர்கீ பதிப்பித்து கெய்ரோவில் தார் ஹஜர் 2001இல் வெளியிட்டது 26 தொகுதி, பெய்ரூத்தின் ரிஸாலா பதிப்பு 24. உன் பக்க எண் உன் கையில் உள்ள பதிப்புக்கு மட்டும்தான் பொருந்தும். வசன எண் இருந்தால் யாரும் எந்தப் பதிப்பிலும் போய்ப் பார்த்துக்கொள்வார்கள். பக்கமும் வேண்டும், வசனமும் வேண்டும். அஸ்ஸாஃப்பாத்தில் சில உரைகாரர்கள் பல வசனங்களைச் சேர்த்து ஒரே கட்டாகப் பேசுவதால், உன் பேச்சு எந்த வசனத்தின் கீழ் அச்சாகியிருக்கிறது என்று நூலைப் பார்த்தே எழுது.

ஷாமிலாவிலிருந்து எடுத்தாயானால் இன்னும் கவனம். அங்கே பலரும் பார்க்கும் தபரீ அந்த ரிஸாலா பதிப்பு, அதன்மேல் ஷாகிர் பெயர் இருக்கும். ஆனால் ஷாகிர் சகோதரர்கள் கெய்ரோவில் பதிப்பித்தது 16 தொகுதி. 14ஆம் அத்தியாயம் இப்ராஹீமின் 27ஆம் வசனத்தோடு அது நின்றுபோனது. 37ஆம் அத்தியாயத்துக்கு ‘பதிப்பு: ஷாகிர்’ என்று எழுதினால், நூலைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்து எழுதியது தெரிந்துவிடும். துர்கீ பதிப்பு உங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லாவிட்டால், அதன் ஸ்கேன் பிரதியைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்து எழுது.

மொழிபெயர்ப்பில் பார்த்திருந்தால் மொழிபெயர்ப்பைத்தான் குறிப்பிட வேண்டும், அரபு மூலத்தை அல்ல. தபரீயின் உரை கூப்பரின் ஆங்கிலத்தில் 1987இல் ஒரு தொகுதிதான் வந்தது, அது அல்பகராவின் தொடக்கப் பகுதியோடு நின்றது. ஆகவே 37க்கு ஆங்கிலத் தபரீ என்று யாராவது காட்டினால் சந்தேகப்படு. பெரும்பாலும் அது அவருடைய வரலாற்று நூலாக இருக்கும். அதன் இரண்டாம் தொகுதியிலும் இதே பேச்சு வருகிறது, ஆனால் அது வேறு நூல், வேறு அடிக்குறிப்பு. இப்னு கஸீருக்கு நீ பார்த்த பத்துத் தொகுதி ஆங்கிலப் பதிப்பு சுருக்கம். அதில் இல்லாத ஒன்றை வைத்து ‘இப்னு கஸீர் இதைச் சொல்லவில்லை’ என்று ஒருநாளும் எழுதிவிடாதே. ரஹ்மத் பதிப்பகத்தின் தமிழ் இப்னு கஸீர் நம் வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் அந்தத் தொகுதியை அனுப்பி வைக்கிறேன். அதையும் பதிப்பாளர் முன்னுரையைப் படித்த பிறகே பயன்படுத்து.

வேறொருவர் கட்டுரையில் ராஸீயின் வரியைப் பார்த்து, ராஸீயைத் திறக்காமல் எழுதினால், ‘ராஸீ, இன்னார் எடுத்துக்காட்டியபடி’ என்று அந்த இன்னாரையும் சேர்த்துச் சொல். வெட்கம் ஒன்றும் இல்லை. பார்க்காததைப் பார்த்ததாகக் காட்டுவதுதான் மதிப்பெண்ணைத் தின்னும். நூற்பட்டியலை அகர வரிசையில் அடுக்கும்போது ‘அல்’, ‘அத்’ என்பவற்றைக் கணக்கில் எடுக்காதே. தபரீ ‘த’வில் வரட்டும், இப்னு கஸீர் ‘இ’யிலேயே இருக்கட்டும். நீ தபரீ, ராஸீ இருவரையும் ‘அ’வில் கொண்டுபோய்க் குவித்து வைத்திருக்கிறாய்.

ராத்திரி வெகு நேரம் விழித்திருக்கிறாய் என்று உன் உம்மா கவலைப்படுகிறார். கட்டுரை நீளத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஐந்து, ஆறாம் பக்கங்களை அப்படியே வெட்டிவிடு. அதில் ஸூஃபி உரைகள் பற்றிச் சொன்னதெல்லாம் இந்த வசனத்தைத் தொடவே இல்லை. அந்த இடத்தில் தபரீக்கும் இப்னு கஸீருக்கும் நடந்த வாதத்தை விரித்து எழுது, ஜஸ்ஸாஸை ஒரு பத்தியில் கொண்டுவா. நாலு பெயர் அடிக்குறிப்பை நாலாகப் பிரி. தன்வீருல் மிக்பாஸை விட்டுவிட்டாலும் கட்டுரைக்கு நஷ்டம் இல்லை. திருத்தியதை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் ஜும்ஆ முடிந்து வந்து பார்த்துவிடுவேன். தொகுதி, பக்க எண்களை நானும் ஸ்கேனில் சரிபார்ப்பேன், ஆகவே ஒன்றையும் ஊகித்துப் போடாதே.

அன்புடன்,
உன் சாச்சா